சளி மருந்து எழுதுமுன் கேட்க வேண்டிய கேள்வி

சென்ற மழைக்காலத்தில் பதினேழு வயது மாணவி ஒருவர் தம் தாயாருடன் எங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு வந்தார். ஒரு வாரமாகச் சளியும் இருமலும். வேறோர் இடத்தில் காட்டி மருந்து வாங்கி மூன்று நாள் உட்கொண்டும் இருமல் தணியவில்லை. அதற்கு மேல் புதிதாக விரல் நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் சேர்ந்திருந்தன. காய்ச்சல் அடித்த உடம்பின் பலவீனம் என்று தாயார் எண்ணியிருந்தார். மார்பில் இழுப்பு ஏதும் கேட்கவில்லை; காய்ச்சல் விட்டிருந்தது; நாடித்துடிப்பு மட்டும் நிமிடத்துக்கு நூறைத் தாண்டியிருந்தது. நீட்டிய கைவிரல்கள் மெல்ல நடுங்கின.

புறப்படும் வேளையில்தான் அவர் தயங்கித் தயங்கி ஒன்றைக் கேட்டார்: "ஐந்தாம் நாள் எனக்கு நானூறு மீட்டர் ஓட்டம் இருக்கிறது, தேசிய இளையோர் போட்டி. அதற்குள் சரியாகிவிடுமா, டாக்டர்?"

அதுவரை அவர் ஓட்டக்காரர் என்பது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் கேட்கவில்லை. முன்பு மருந்து கொடுத்தவரும் கேட்டிருக்க மாட்டார். தாயார் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்க்கச் சொன்னோம். நான்கு பொருள்கள் விழுந்தன: ஒரு மாத்திரை அட்டை, மூக்கில் விடும் சொட்டு மருந்து, பாதி தீர்ந்த இருமல் மருந்துப் புட்டி, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த இன்னொரு மாத்திரை அட்டை. இக்கட்டுரை அந்த நான்கைப் பற்றியது. சளி, இருமலுக்காக விளையாட்டு வீரர் ஒருவர் வாங்கக்கூடிய மருந்துகளின் எல்லா வகைகளும் ஏறத்தாழ அந்த ஒரே பையில் இருந்தன.

முதல் அட்டையில் பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் என்ற மூன்று சேர்ந்திருந்தன. நம் ஊரில் சளி மாத்திரை என்று கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது இந்தக் கூட்டுதான். இம்மூன்றில் எதுவும் விளையாட்டில் தடை செய்யப்பட்டதன்று. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை ஆண்டுதோறும் வெளியிடும் தடைப்பட்டியலில் பினைல்எப்ரின் இல்லை. அதன் பயன்பாட்டைக் கண்காணிப்பில் மட்டும் வைத்திருக்கிறார்கள். வாய்வழியே விழுங்கும் பினைல்எப்ரின் மூக்கடைப்பை நீக்குவதில்லை என்று அமெரிக்க மருந்துத் துறையின் வல்லுநர் குழு 2023-இல் முடிவு கூறியது தனிக்கதை. தடையில்லை என்பதால் பயனுண்டு என்று பொருளாகாது. சொட்டு மருந்தில் ஆக்சிமெட்டாசோலின் இருந்தது. அதுவும், அதன் உறவான சைலோமெட்டாசோலினும் மூக்கில் விடும் அளவில் அனுமதிக்கப்பட்டவையே. ஐந்தாறு நாளுக்கு மேல் தொடர்ந்தால் மூக்கடைப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும் என்பது மட்டும் அதிலுள்ள தொல்லை.

சிக்கல் மூன்றாவது பொருளில் இருந்தது. புட்டியின் முன்புறத்தில் வணிகப் பெயரும், இலைகளும் தேன்துளியும் போன்ற படமும். பின்புறத்தில், கண்ணாடி அணிந்தால்தான் படிக்க முடிகிற எழுத்தில், ஒவ்வொரு 5 மில்லிலிட்டரிலும் அடங்கியவை: டெர்பூட்டலின் சல்பேட் 1.25 மில்லிகிராம், புரோம்ஹெக்சின், குவைபெனசின், மெந்தால். பின்னுள்ள மூன்றும் சளியை இளக்குவதற்கும் தொண்டைக்கு இதம் தருவதற்குமானவை. அவற்றால் வீரருக்கு இடரில்லை. டெர்பூட்டலின் அப்படியன்று. அது சுவாசக் குழாய்களை விரிக்கும் மருந்து; ஆஸ்துமாவுக்கென உருவானது. பீட்டா-2 தூண்டிகள் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பம் முழுவதும் தடைப்பட்டியலில் எப்போதும் தடை செய்யப்பட்டவை என்ற பகுதியில் இருக்கிறது. மூச்சுவழி உறிஞ்சப்படும் சால்பூட்டமால் முதலிய மிகச் சில மட்டும், குறிப்பிட்ட அளவுக்குள், விலக்குப் பெற்றவை. அந்த விலக்கில் டெர்பூட்டலினுக்கு எந்த வடிவிலும் இடமில்லை.

எப்போதும் என்ற சொல்லை வாசகர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். சில பொருள்கள் போட்டி நாளில் மட்டும் தடை செய்யப்பட்டவை. சில பயிற்சிக் காலத்திலும், விடுமுறையில் வீட்டில் இருக்கும்போதும் தடை செய்யப்பட்டவை. டெர்பூட்டலின் இரண்டாம் வகை. ஆகவே, போட்டிக்கு எத்தனை நாள் முன்னே நிறுத்தினால் போதும் என்ற கேள்வியே அதற்குப் பொருந்தாது. சிறுநீரில் இவ்வளவு வரை இருக்கலாம் என்ற எல்லையும் அதற்கு வகுக்கப்படவில்லை. இருப்பதாக ஆய்வகம் கண்டறிந்து அறிவித்தால், அதுவே விதிமீறல்.

மாணவியின் விரல் நடுக்கத்துக்கும் விடை அங்கேயே கிடைத்தது. அவருக்குச் சொல்லப்பட்ட அளவு 10 மில்லிலிட்டர் வீதம் நாளைக்கு மூன்று வேளை. அப்படியானால் ஒரு வேளைக்கு 2.5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு 7.5 மில்லிகிராம் டெர்பூட்டலின். ஆஸ்துமா நோயாளி ஒருவருக்கு மாத்திரையாகத் தொடங்கும்போது நாங்கள் எழுதும் அளவும் ஏறத்தாழ அதுவே. இருமல் மருந்துதானே, அதில் சிறிதளவுதான் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். சிறிதளவு அன்று, முழு மருத்துவ அளவு. கைநடுக்கமும் படபடப்பும் இம்மருந்தின் நன்கறியப்பட்ட பக்க விளைவுகள். இருமல் மருந்து குடித்த அரைமணி, ஒருமணி நேரத்தில் விரல்கள் நடுங்கினால் அந்தப் புட்டியில் சுவாசக் குழாய் விரிப்பான் ஒன்று இருக்கக்கூடும் என்று ஐயுறுவது தவறாகாது. நடுங்கவில்லை என்பதற்காக இல்லையென்று முடிவு செய்யவும் கூடாது. சிலருக்கு எதுவும் தெரியாது.

இது எங்கோ ஒருவருக்கு நேரும் விபத்தன்று. கிரிக்கெட் வீரர் பிரித்வி ஷாவை வாசகர்கள் அறிவார்கள். 2018-இல் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்திலேயே சதம் அடித்தவர். 2019 பிப்ரவரி 22 அன்று, இந்தூரில் நடந்த சையது முஷ்டாக் அலி கோப்பை ஆட்டத்தின்போது அவரிடம் சிறுநீர் மாதிரி பெறப்பட்டது. அதில் டெர்பூட்டலின் இருந்தது. இருமலுக்காக அறியாமல் உட்கொண்டது என்ற அவரது விளக்கத்தை இந்திய கிரிக்கெட் வாரியம் ஏற்றுக்கொண்டது. ஆற்றலைக் கூட்டும் நோக்கம் இல்லை என்றும் ஒப்பியது. ஆயினும் எட்டு மாதத் தடை விதித்தது. மருந்தைப் பற்றிக் கேட்டறிய வாரியத்தின் மருத்துவர்களும் தொலைபேசி எண்ணும் இருந்த ஒருவருக்கே இந்நிலை. மாவட்டத் திடல்களில் காலணியைக் கடன் வாங்கி ஓடும் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்?

விதியின் போக்கு அத்தகையது. தம் உடலுக்குள் செல்லும் ஒவ்வொன்றுக்கும் வீரரே பொறுப்பு. மருத்துவர் கொடுத்தார், கடைக்காரர் கொடுத்தார், அம்மா கொடுத்தார் என்பது குற்றத்தை நீக்காது. தண்டனையைக் குறைக்க உதவலாம், அவ்வளவே. டெர்பூட்டலின் போன்றவற்றில் வேண்டுமென்றே செய்யவில்லை என்ற நிலையிலும் தடை இரண்டாண்டு வரை போகலாம்; கவனக்குறைவு சிறிதென்று நிறுவினால் வெறும் கண்டிப்போடும் முடியலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பார் என்பது அவர் வைத்திருக்கும் மருந்துச் சீட்டையும், வாங்குமுன் எதையேனும் சரிபார்த்தாரா என்பதையும் பொறுத்தது.

நான்காவது பொருளுக்கு வருவோம். உறவினர் கொடுத்த அட்டையில் ஒவ்வாமைக்கான மருந்தோடு சூடோஎபெட்ரின் 120 மில்லிகிராம் இருந்தது. மெல்லக் கரைந்து பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்யும் வகை. நல்லவேளையாக மாணவி அதைப் பிரிக்கவில்லை. பினைல்எப்ரினோடு இதைக் குழப்பிக்கொள்வோர் பலர். பெயரில் ஓசை ஒற்றுமை, வேலையும் மூக்கடைப்பை நீக்குவதே. ஆனால் சூடோஎபெட்ரின் மூளையையும் இதயத்தையும் தூண்டுவதால் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டது. இங்கே ஓர் எல்லை உண்டு: சிறுநீரில் ஒரு மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் விதிமீறல். 2004-இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட இம்மருந்து 2010-இல் இந்த எல்லையோடு மீண்டும் சேர்க்கப்பட்டது.

எல்லை இருக்கிறதே, ஒரு மாத்திரைதானே என்று எண்ணுவது ஆபத்தானது. ஒரே அளவை உட்கொண்ட இருவரின் சிறுநீரில் அதன் செறிவு பலமடங்கு வேறுபடலாம். உடல் எடை, குடித்த நீரின் அளவு, சிறுநீரின் அமிலத் தன்மை எல்லாம் அதை மாற்றும். ஓடி வியர்த்து நீரிழந்த உடலின் அடர்ந்த சிறுநீரில்தான் சோதனை நடக்கிறது என்பதையும் மறக்கலாகாது. ஆகவே போட்டிக்கு 24 மணி நேரம் முன்பே நிறுத்துமாறு உலக முகமை அறிவுறுத்துகிறது. நீடித்து வேலை செய்யும் வகையை இன்னும் முன்பே நிறுத்தச் சொல்வது எங்கள் வழக்கம். போட்டிக் காலம் என்பது ஓட்டம் தொடங்கும் நொடியன்று. முந்தைய நாள் இரவு 11.59 மணிக்கே அது தொடங்கிவிடுகிறது. போட்டி முடிந்து மாதிரி எடுக்கும் வரை நீடிக்கிறது.

2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ருமேனியாவின் பதினாறு வயது ஜிம்னாஸ்டிக் வீராங்கனை ஆந்திரேயா ரடுகான் தனிநபர் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்றார். சளிக்காக அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் சூடோஎபெட்ரின் இருந்தது. அக்காலத்து எல்லை இப்போதையதைவிட மிகக் குறைவு. அவரோ மிகச் சிறிய உடல்வாகு கொண்டவர். தங்கம் பறிக்கப்பட்டது. அவர் மீது களங்கம் இல்லை என்பதை யாவரும் ஒப்பினர், பதக்கம் மட்டும் திரும்பவில்லை. எங்களைப் போன்ற மருத்துவர்கள் இந்நிகழ்ச்சியை வேறு கண்ணோடு படிக்கிறோம். மாத்திரையைக் கொடுத்தது ஒரு மருத்துவரின் கை. அவரும் தடை செய்யப்பட்டார் என்றாலும், மேடையில் இழந்தவர் அவரல்லர்.

வெளிநாட்டு மருந்தில் இன்னொரு பொறியும் உண்டு. 2002-இல் சால்ட் லேக் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில் பிரிட்டனின் பனிச்சறுக்கு வீரர் அலன் பாக்ஸ்டர் வெண்கலம் வென்று அதை இழந்தார். தம் நாட்டில் வழக்கமாகப் பயன்படுத்தும் மூக்கில் உறிஞ்சும் குழலை, அதே பெயரில், அமெரிக்கக் கடையில் வாங்கியிருந்தார். பிரிட்டனில் விற்கப்பட்டதில் இல்லாத லெவ்மெத்ஆம்ஃபெட்டமின் என்ற பொருள் அமெரிக்கக் குழலில் இருந்தது. ஒரே பெயர், ஒரே நிறுவனம், நாடு மட்டும் வேறு. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் பெட்டி நிறைய மருந்து கொண்டுவந்து பகிர்ந்து கொடுக்கும் நம் குடும்பங்களில் இது நினைவில் இருக்க வேண்டும்.

பெயரால் ஏமாறுவதற்கு நாடு கடக்கவும் வேண்டியதில்லை. நம் கடைகளிலேயே ஒரே வணிகப் பெயரின்கீழ் மூன்று நான்கு இருமல் மருந்துகள் அடுக்கில் நிற்கின்றன. பெயருக்குப் பின் ஓர் ஆங்கில எழுத்தோ இரண்டோ மாறும். வறட்டு இருமலுக்கானதில் டெக்ஸ்ட்ரோமெதார்பன் இருக்கும், அது தடையற்றது. சளி இருமலுக்கானதில் டெர்பூட்டலினோ, சால்பூட்டமாலோ, அதன் இணையான லீவோசால்பூட்டமாலோ இருக்கும். இம்மூன்றும் வாய்வழியே குடிக்கும் மருந்தாக இருந்தால் எப்போதும் தடையுள்ளவை. கடைக்காரர், அது தீர்ந்துவிட்டது, இதுவும் அதே மருந்துதான் என்று வேறொன்றைக் கொடுக்கும்போது அவர் பொய் சொல்வதில்லை. இருமலைப் பொறுத்தவரை அவருக்கு அது அதே மருந்துதான்.

எனவே வாங்கும்போது பார்க்க வேண்டியது பெட்டியின் முகப்பை அன்று; அடங்கியவை என்ற பகுதியை. அதில் மேற்சொன்ன மூன்று பெயர்களோ, எபெட்ரின், சூடோஎபெட்ரின் என்பவையோ இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை வெளியிட்டுள்ள Know Your Medicine என்ற கைப்பேசிச் செயலியில் மருந்தைத் தேடிப் பார்க்கலாம். அங்கும் வணிகப் பெயரோடு நின்றுவிடாமல் Terbutaline, Salbutamol, Pseudoephedrine என்று உட்பொருளின் பெயரை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து பார்ப்பதே உறுதியான வழி. தேடிய நாளும் விடையும் தெரியும்படி திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும். புட்டியின் பின்புறத்தையும் மருந்துச் சீட்டையும் கூட. பின்னாளில் ஒரு விசாரணை வந்தால் அந்தப் படங்களே அவர் எடுத்துக்கொண்ட கவனத்துக்குச் சான்று. தடைப்பட்டியல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாள் புதுப்பிக்கப்படுவதால் சென்ற ஆண்டு தேடிய விடையை இவ்வாண்டுக்கு நம்பலாகாது.

ஆங்கில மருந்தே வேண்டாம், மூலிகை மருந்து எடுத்துக்கொள்கிறோம் என்று சிலர் சொல்வதுண்டு. வீட்டுச் சுக்குக் கஷாயத்தைப் பற்றி எங்களுக்குக் கவலையில்லை. புட்டியில் அடைத்து விற்கும் மூலிகை மருந்து வேறு. எபெட்ரின் என்ற பொருளே எபிட்ரா என்னும் செடியிலிருந்து வந்ததுதான். இமயமலைப் பகுதியில் வளரும் அதன் ஒரு வகை சோமலதா என்ற பெயரில் ஆயுர்வேத இரைப்பு மருந்துகளில் சேர்க்கப்படுகிறது; சீன மருத்துவத்தில் மா ஹுவாங் என்பார்கள். சோதனைக் கருவிக்குச் செடியிலிருந்து வந்த எபெட்ரினுக்கும் ஆலையிலிருந்து வந்ததற்கும் வேறுபாடு தெரியாது.

மருந்துக் கடையைவிட மருத்துவரின் அறையே சில வேளைகளில் பெரிய இடர். சளியோடு போனால் ஓர் ஊசி, மூச்சு சற்று இரைத்தால் நெபுலைசர், சோர்வாக இருந்தால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் என்பது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. நோயாளிகளும் அவற்றைக் கேட்டு வாங்குகிறார்கள். அந்த ஊசியில் பெரும்பாலும் சேரும் டெக்சாமெத்தசோன் அல்லது பெட்டாமெத்தசோன் ஸ்டீராய்டு வகை; போட்டிக் காலத்தில் தடையுள்ளது. தசையில் போட்ட ஊசி வெளியேற ஐந்து நாள் வேண்டும் என்று உலக முகமை கணக்கிடுகிறது. குளுக்கோஸ், உப்புநீர் எதுவானாலும் நரம்புவழியே 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் ஏற்றுவது, மருத்துவமனைச் சிகிச்சை போன்ற முறையான காரணம் இல்லையெனில், எப்போதும் தடை செய்யப்பட்ட ஒரு முறை. உள்ளே போனது வெறும் நீர் என்றாலும் அதுதான் விதி. நெபுலைசரில் வைக்கும் சால்பூட்டமால் குப்பி ஒன்றில் 2.5 மில்லிகிராம், அதாவது 2500 மைக்ரோகிராம் இருக்கிறது. மூச்சுவழி சால்பூட்டமாலுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு ஒரு நாளைக்கு 1600 மைக்ரோகிராம், எட்டு மணி நேரத்தில் 600. ஒரே குப்பியில் எல்லை தாண்டிவிடுகிறது.

இதைப் படிக்கும் ஆஸ்துமா உள்ள வீரர்கள் அஞ்சி இன்ஹேலரை நிறுத்திவிடக் கூடாது. ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம் தரும் சால்பூட்டமால் இன்ஹேலரில் எட்டு மணி நேரத்துக்கு ஆறு அழுத்தம் வரை அந்த எல்லைக்குள் அடங்கும். ஓட்டத்துக்கு முன் இரண்டு அழுத்தம் எடுப்பவருக்கு எந்தத் தடையும் இல்லை. அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். உடனே எங்களிடம் வர வேண்டும். கடுமையான இரைப்பில் உயிரைக் காக்க நெபுலைசர் வைத்தே ஆக வேண்டிய நிலையில் வைக்கப்படும், மறுக்கவே வேண்டாம். அவசரச் சிகிச்சைக்குப் பின்னர் விண்ணப்பித்துச் சிகிச்சைக்கான விலக்குப் பெற விதியில் இடமுண்டு. அதற்கு வேண்டிய பதிவேடுகளைத் தருவது எங்கள் கடமை.

ஆனால் சாதாரணச் சளி இருமலுக்கு இத்தனை இடர் எதற்கு? இந்தக் கேள்வியில்தான் எங்கள் துறையின் மீது எங்களுக்கே குறை இருக்கிறது. இழுப்பு இல்லாத ஒருவரின் சளி இருமலைச் சுவாசக் குழாய் விரிப்பான்கள் குறைப்பதில்லை. விரிப்பதற்கு அங்கே சுருங்கியது எதுவும் இல்லை. அந்த மாணவியின் மார்பில் இழுப்பு இருக்கவில்லை. அவர் குடித்த டெர்பூட்டலின் அவருக்குத் தந்தது நடுக்கத்தையும் படபடப்பையும் மட்டுமே. அந்தக் கூட்டு மருந்தை எழுதுவது ஒரு பழக்கம், நாங்களும் எழுதியிருக்கிறோம். எழுதினால் நோயாளி மனநிறைவோடு போகிறார், சளி எப்படியும் பத்து நாளில் போகிறது, மருந்து வேலை செய்தது என்று இரு தரப்பும் நம்புகிறோம். விளையாட்டு வீரருக்கு மட்டுமன்றி எவருக்குமே தேவையற்ற ஒன்றைக் கொடுத்து, அந்த வீரரின் ஓராண்டைப் பணயம் வைப்பதை எப்படி நியாயப்படுத்துவது? பாராசிட்டமால், ஓர் ஒவ்வாமை மாத்திரை, உப்புநீர்ச் சொட்டு, படுக்கும்முன் ஒரு கரண்டி தேன், வெறும் நீராவி ஆகியவை போதும். இவற்றால் எந்தப் பதக்கமும் போனதில்லை.

பொறுப்பு வீரருடையது என்றுதான் விதியே சொல்கிறது, ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் புறநோயாளிப் பிரிவில் இதையும் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா என்று எங்கள் நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். நூறு பேரிலும் மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்கிறோம். பெண்களிடம் கருவுற்றிருக்கிறார்களா என்று கேட்கிறோம். இந்தக் கேள்விக்கு ஆகும் நேரமும் அவ்வளவுதான். ஊக்கமருந்துச் சோதனை ஒலிம்பிக் வீரர்களுக்கு மட்டும் என்ற காலம் போய்விட்டது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டிகள் சென்னை, மதுரை, திருச்சி, கோவை நகரங்களில் நடந்தன. அத்தகைய போட்டிகளுக்கு வரும் பதினேழு வயதுப் பிள்ளைகளும் சோதனைக்கு உட்பட்டவர்கள்தாம். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் வேலையும் எதிர்பார்த்து நிற்கும் குடும்பங்கள் அவர்களுக்குப் பின்னால் இருக்கின்றன.

அந்த மாணவியிடம் மருந்தை அன்றே நிறுத்தச் சொன்னோம். எத்தனை நாளில் உடலை விட்டு முழுவதும் நீங்கும் என்று அவர் கேட்டதற்கு, இன்ன நாளில் என்று எங்களால் உறுதி கொடுக்க முடியாது என்றோம். மருந்தின் பெயர், தொகுப்பு எண், குடித்த நாள்கள், அளவு எல்லாவற்றையும் எழுதி, எங்கள் பரிசோதனைக் குறிப்போடு கையெழுத்திட்டுக் கொடுத்தோம். சோதனைக்கு அழைத்தால் படிவத்தில் அதை மறைக்காமல் எழுத வேண்டும். எழுதுவதால் குற்றம் நீங்காது, ஆயினும் மறைத்ததாக ஆகாது. பயிற்சியாளர் மாலையில் தொலைபேசியில் பேசினார். அவருக்கும் இருமல் மருந்தைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் மூவரும் கூடிப் பேசி அவ்வாண்டுப் போட்டியை விட்டுவிடுவதென்று முடிவெடுத்தார்கள். தாயார் மறுநாள் வந்து, "எட்டு மாதமாக விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிவிட்டேன், டாக்டர்" என்று மட்டும் சொன்னார். அதற்கு எங்களிடம் விடையில்லை.

அதன்பின் எங்கள் பிரிவின் புறநோயாளிச் சீட்டில் ஒவ்வாமை என்ற வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: போட்டி விளையாட்டில் பங்கேற்பவரா, ஆம் அல்லது இல்லை. மருத்துவமனையின் எல்லாப் பிரிவுகளிலும், குறிப்பாக அவசரச் சிகிச்சைப் பிரிவிலும் குழந்தைகள் பிரிவிலும், அந்த வரி அச்சாக வேண்டும் என்று நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறோம். அதுவரை, உங்கள் வீட்டில் ஓடுபவரோ, கபடி ஆடுபவரோ, பளு தூக்குபவரோ இருந்தால், நாங்கள் கேட்க மறந்தாலும் பதிவு மேசையிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டிலுள்ள மருந்துகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். உறவினர் கொடுத்ததையும் விட்டுவிடாமல்.